நைலோன் பட்டிக்கு எந்த ஸ்பிரிங் பின்?

கல்லடித்தம்பி: என் மணிக்கூட்டில் பட்டி மாட்டும் இடம் 20 மில்லிமீற்றர் அகலம். அதன் தோல் பட்டி குயிக் ரிலீஸ் பின்னோடு வந்தது. மட்டக்களப்பு வெயிலில் வியர்வை ஊறி நாறுகிறது. மணிக்கூட்டின் அடியால் ஓடும் ஒற்றை நைலோன் பட்டிக்கு மாறப் போகிறேன். பழைய பின்களையே போட்டால் போதுமா? பின் மாட்டும் காதுகளில் கீறல் விழக்கூடாது.

காத்தான்குடி நானா: தாராளமாகப் போடலாம். நீளம் சரி, கருவியும் தேவையில்லை. நகத்தால் பின்னிலுள்ள குமிழைத் தள்ளினால் பின் உட்கார்ந்துவிடும். கருவி படாத இடத்தில் கீறல் எப்படி வரும்?

வாவிக்கரை: கீறல் விடயத்தில் நானா சொல்வது சரி. குமிழ்தான் சிக்கல். தோல் பட்டியில் அதற்கென்று ஒரு வெட்டு இருக்கிறது, குமிழ் அதற்குள் அடங்கிக் கிடக்கும். நைலோன் பட்டியில் பின் வெறுமனே நிற்கிறது. பட்டி பக்கவாட்டில் நகரும்போது ஓரம் குமிழில் மாட்டுப்பட்டால் பின்னின் முனை காதிலுள்ள துளையை விட்டு வெளியே வந்துவிடும். சாதாரண பின்தான் நல்லது.

காத்தான்குடி நானா: நான் அப்படியே கட்டிக்கொண்டு கடலிலும் குளிக்கிறேன். ஒரு தடவையும் கழன்றதில்லை.

வாவிக்கரை: கழன்றாலும் மற்றப் பின்னில் மணிக்கூடு தொங்கும், அதுதான் ஒற்றைப் பட்டியின் அருமை. இரண்டு துண்டுப் பட்டியாக இருந்தால் வாவிக்குப் போயிருக்கும்.

பொத்துவில் அலை: என் டைவிங் மணிக்கூட்டின் பின் தடிப்பானது. கடையில் மெல்லிய பின்னைத் தந்தார்கள். பெரிய துளைக்குள் முனை ஆடி, மணிக்கூடு கடகடவென்றது. யாரும் இதைச் சொல்வதில்லை!

கல்லடித்தம்பி: என்னுடையது சாதாரண துளைதான், அலை அண்ணா. சாதாரண பின்னைப் போடக் கவட்டைக் கருவி வேண்டுமே, அது வழுக்கினால்?

வாவிக்கரை: அதற்குத்தான் ரேப். காதுகளின் உட்புறத்திலும் அடிப்புறத்திலும் ஒட்டுங்கள், துளையை மட்டும் விடுங்கள். மணிக்கூட்டைத் துணியில் கவிழ்த்து, பின்னின் ஒரு முனையைத் துளைக்குள் வையுங்கள். மறுமுனையின் தோளைக் கவட்டையால் அமுக்கி, அடிப்பக்கமிருந்து உள்ளே சறுக்குங்கள். பட்டி இடையில் இல்லாததால் கை தாராளமாகப் புழங்கும். ‘டிக்’ என்ற சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். முனை துளையின் விளிம்பில் நின்றுகொண்டும் ஏமாற்றும். பின்னைப் பெருவிரலால் மேலும் கீழும் தள்ளுங்கள், அசையக்கூடாது. பிறகு 12 மணிப் பக்கமிருந்து பட்டியை நுழையுங்கள்.

கல்லடித்தம்பி: போட்டுவிட்டேன், கீறல் இல்லை. ஆனால் பட்டி முதல் பின்னுக்குக் கீழேயே பாதியில் நிற்கிறது. இழுக்கட்டுமா?

வாவிக்கரை: வேண்டாம், பின் வளைந்துவிடும். உங்கள் பட்டி தடிப்பு, பின்னுக்கும் மணிக்கூட்டுப் பெட்டிக்கும் இடைவெளி குறைவு. மெல்லிய பட்டி வாங்குங்கள்.

காத்தான்குடி நானா: வெளிப்பக்கம் வளைந்த பின்னும் இருக்கிறதே, அதைப் போட்டால் பட்டி போகும்.

வாவிக்கரை: போகும். ஆனால் அந்தப் பின் துளைக்குள் சுழன்று திரும்பினால் திரும்பவும் இறுகும், நானா. எனக்கு அதில் மனமில்லை.