கோலெக்ஸிஃபிகேஷனுக்குத் தமிழ் என்ன? ஷாலோமை முன்வைத்து

மீனாட்சி

குழுவினருக்கு வணக்கம்.

மொழியியல் பாடநூல் ஒன்றில் சொற்பொருள் பற்றிய இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்: கோலெக்ஸிஃபிகேஷன். 2008-இல் அலெக்ஸாந்த்ர் ஃப்ரான்சுவா என்ற பிரெஞ்சு மொழியியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். இரண்டு கருத்துகளுக்கு ஒரு மொழியில் ஒரே சொல் இருந்தால், அந்த மொழி அவற்றைக் "கோலெக்ஸிஃபை செய்கிறது" என்பார்கள்.

நான் எடுத்துக்காட்டாக வைத்திருப்பது எபிரேயத்தின் ஷாலோம். பார்த்தவுடன் சொல்வதும் ஷாலோம், கிளம்பும்போது சொல்வதும் ஷாலோம், போர் இல்லாத நிலையும் ஷாலோம்.

"பலபொருள் ஒருசொல்" என்று போட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் அதைப் பாலிசெமிக்கு முன்பே பயன்படுத்திவிட்டோம். பாலிசெமி என்றாலே பொருள்களுக்குள் உறவு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஃப்ரான்சுவா அந்தக் கேள்வியைத் தள்ளிவைக்கிறார். உறவா, தற்செயலா என்பது அப்புறம். இங்கே ஒரே சொல் வருகிறது என்பதை மட்டும் முதலில் குறித்துக்கொள்வோம் என்கிறார். அந்தப் பாரமில்லாத சொல் ஒன்று வேண்டும். அதிலிருந்து வினையும் பிறக்க வேண்டும், ஏனென்றால் "இந்த மொழி செய்கிறது, அந்த மொழி செய்வதில்லை" என்று பக்கத்துக்கு நாலு வாக்கியம் வருகிறது.

நான் முதலில் எழுதிப் பார்த்தது "உடன்சொல்லாக்கம்". மறுநாள் படித்தால் யாரோ புதுச்சொல் உருவாக்குகிற மாதிரி இருக்கிறது.

ராஜகோபால்

இதற்கு ஏன் மூன்று நாள்? ஷாலோமுக்குத் தமிழ் "வணக்கம்". வானொலியில் வணக்கம் என்று தொடங்கி, நன்றி வணக்கம் என்று முடிக்கிறோம். வரவேற்பும் விடைபெறுதலும் அதில் வந்துவிட்டன.

மீனாட்சி

ஐயா, ஷாலோமுக்குத் தமிழ் கேட்கவில்லை, அந்த நிகழ்வுக்குத்தான் பெயர் கேட்கிறேன். ஆனால் நீங்கள் கொடுத்த எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன். தமிழும் முதல் இரண்டையும் ஒரே சொல்லில் வைக்கிறது. மூன்றாவதை மட்டும் சேர்க்கவில்லை. போர் ஓய்ந்ததை யாரும் வணக்கம் வந்தது என்று சொல்வதில்லை.

கார்த்திக்

> பொருள்களுக்குள் உறவு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்

ஷாலோமில் உறவு இருக்கிறதே? வேர்ச்சொல் ஷ-ல-ம, பொருள் அமைதி. பார்க்கும்போது உனக்கு அமைதி, பிரியும்போதும் உனக்கு அமைதி என்று வாழ்த்தினார்கள். வாழ்த்து தேய்ந்து ஹலோ ஆயிற்று, அவ்வளவுதான். அரபியின் சலாமும் இதே கதை. பொருள் ஒன்று, பயன்பாடு மூன்று. இந்த எடுத்துக்காட்டுக்குப் புதுச்சொல்லே தேவையில்லை என்பது என் கருத்து.

யோசுவா

தம்பி கார்த்திக், பாதி சரி. சலாம் உடன்பிறப்பு என்பதும் சரி. ஆனால் அமைதியிலிருந்து தொடங்கினால் கதை தலைகீழாகிவிடும். நான் இறையியல் கல்லூரியில் பல வருடம் எபிரேயம் கற்பித்தவன், அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேருக்கு அடிப்படை "குறைவில்லாமல் முழுதாக இருத்தல்". ஷாலேம் என்றால் முழுமையானது. இன்றைய எபிரேயத்தில் கடையில் பணம் கட்டுவதற்கு லெஷலேம் என்பார்கள்; கடனை நிறைவாக்குவது. ஷாலோம் என்பது இந்த நிறைவு, நலம். போர் இல்லாமை அதில் ஒரு பகுதி மட்டும்தான்.

நம்பவில்லை என்றால் இரண்டாம் சாமுவேல் 11:7 பாருங்கள். போர்முனையிலிருந்து வந்த உரியாவிடம் தாவீது மூன்று ஷாலோம் கேட்கிறான்: யோவாபின் ஷாலோம், மக்களின் ஷாலோம், போரின் ஷாலோம். போருக்கு ஏது அமைதி? போர் எப்படிப் போகிறது என்றுதான் கேட்கிறான்.

இன்னொன்று, வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். இரண்டாம் இராஜாக்கள் 4-ஆம் அதிகாரம். சூனேம் ஊர்ப் பெண்ணின் மகன் அவள் மடியிலேயே இறந்துவிட்டான். அவள் கழுதையேறி எலிசா தீர்க்கதரிசியைத் தேடிப் போகிறாள். வழியில் எலிசாவின் வேலைக்காரன் எதிர்கொண்டு வந்து, உனக்கு ஷாலோமா, உன் கணவனுக்கு ஷாலோமா, பிள்ளைக்கு ஷாலோமா என்று கேட்கிறான். அவள் ஒரே சொல்லில் பதில் சொல்கிறாள்: ஷாலோம். தமிழ் வேதாகமத்தில் இங்கே "சுகம்"தான். "சமாதானம்" என்று போட்டிருந்தால் அந்தப் பதிலின் கனம் போயிருக்கும்.

அப்புறம், வரவேற்பும் விடையும் ஒரே வழியாக வரவில்லை. சந்திப்பில் அது பெரும்பாலும் கேள்வி. ஆதியாகமம் 29:6-இல் யாக்கோபு மேய்ப்பர்களிடம் லாபானைப் பற்றி "அவனுக்கு ஷாலோமா" என்று கேட்க, அவர்கள் "ஷாலோம்" என்கிறார்கள். பிரியும்போது அது ஒரு திசை: லேஹ் லெஷாலோம், "ஷாலோமை நோக்கிப் போ". எகிப்துக்குக் கிளம்பும் மோசேயிடம் மாமனார் எத்திரோ சொன்னது இதுதான்.

இந்த "லெ" என்ற உருபை வைத்தே யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதில் ஒரு விவாதம் உண்டு, பெராஹோத் 64அ. உயிரோடு இருப்பவரை அனுப்பும்போது லெஷாலோம், "நலத்தை நோக்கி" என்று சொல். பெஷாலோம், "நலத்தோடு" என்று சொல்லாதே, அது இறந்தவருக்கு. சான்று? எத்திரோ லெஷாலோம் என்றான், மோசே உயர்ந்தான். தாவீது தன் மகன் அப்சலோமிடம் பெஷாலோம் என்றான், அவன் மரத்தில் தொங்கினான்.

கார்த்திக்

சரி ஐயா, அமைதி என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனாலும் உறவு இருக்கிறது என்பது நின்றதா இல்லையா?

யோசுவா

நின்றது. வரலாற்றில் உறவு உண்டு. இன்று தெருவில் ஷாலோம் சொல்கிறவன் மனத்தில் அந்த உறவு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. மீனாட்சி கேட்கும் சொல் அந்தக் கேள்விக்குள் போகாமல் வெளியே நிற்கிற சொல்.

செல்வராணி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் மொழியியல் படித்தவள் இல்லை. இஸ்ரேலில் ஹைஃபாவில் ஆறு வருஷம் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். காதில் கேட்டதைச் சொல்கிறேன்.

கிளம்பும்போது ஷாலோம் சொல்வது நான் நினைத்துப் போன அளவுக்கு இல்லை. பாட்டியின் மகள் தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். எடுத்ததும் "ஷாலோம், இம்மா". வைக்கும்போது "யல்லா, பை". யல்லா அரபி, பை ஆங்கிலம். கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறவர்கள் லெஹித்ராஓத் என்பார்கள், மறுபடி பார்ப்போம் என்று. வெள்ளிக்கிழமை மட்டும் விதிவிலக்கு, அன்று சாயங்காலம் ஷபாத் என்ற ஓய்வுநாள் தொடங்கும். கடைக்காரர் முதல் மருத்துவர் வரை வரும்போதும் ஷபாத் ஷாலோம், போகும்போதும் ஷபாத் ஷாலோம்.

எப்படி இருக்கிறீர்கள் என்பது "உன் ஷாலோம் என்ன". ஆணிடம் மா ஷ்லோம்ஹா, பெண்ணிடம் மா ஷ்லோமேஹ். நான் முதலில் கற்றுக்கொண்டது பாட்டியிடம் சொல்வது, அதையே மாடிப்படியில் பார்த்த எல்லாத் தாத்தாக்களிடமும் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் திருத்தவில்லை, சிரித்தார்கள்.

எதிர்வீட்டுக்காரரைப் பற்றிப் பாட்டி "அவன் எனக்கு ஷாலோம் சொல்வதில்லை" என்பார். நம் ஊரில் "முகம் கொடுத்துப் பேசுவதில்லை" என்கிற மாதிரி. அது ஹலோவா குட்பையா என்று கேட்டால் பாட்டிக்கே தெரியாது.

அருள்மொழி

செல்வராணி அக்கா கடைசியில் சொன்ன வாக்கியம்தான் இந்த இழையிலேயே முக்கியமானது. நம்மிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு சோதனை இருக்கிறது. தொல்காப்பியம், சொல்லதிகாரம், கிளவியாக்கம். பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறார்: வினை வேறுபடுவது, வினை வேறுபடாதது. "மா பூத்தது" என்றால் மரம், வினையே காட்டிக்கொடுத்துவிடும். "மா வீழ்ந்தது" என்றால் மரமும் விழும், விலங்கும் விழும், வினை உதவாது. வினை வேறுபடுவதில் வினை, இனம், சார்பு மூன்றும் பொருளைத் தெளிவாக்கும் என்றும் சொல்கிறார்.

இதை ஷாலோம் மேல் வைத்துப் பாருங்கள். யோசுவா ஐயா, தவறிருந்தால் திருத்துங்கள். "ஷாலோம் செய்தான்" என்றால் சமாதானம் மட்டும்தான். "ஷாலோம் சொன்னான்" என்றால் வாழ்த்து மட்டும்தான். ஆக அமைதிக்கும் வாழ்த்துக்கும் நடுவில் வினை வேறுபடுகிறது. ஆனால் "சொன்னான்" என்பது வரவேற்பையும் விடையையும் பிரிக்காது. வாசலில் உள்ளே வருகிறானா வெளியே போகிறானா என்ற சார்பு வேண்டும்.

அப்படியென்றால் மீனாட்சி சொல்லும் மூன்று பொருள் ஒரே தட்டில் இல்லை. ஒரு பக்கம் அமைதி, இன்னொரு பக்கம் வாழ்த்து, வாழ்த்துக்குள் இரண்டு வேளை. ராஜகோபால் ஐயாவின் வணக்கம் அந்த இரண்டாம் பாதிக்கு மட்டும் பொருந்துவதும் இதனால்தான்.

சொல்லுக்கு என் பரிந்துரை: ஒருசொற்படுதல், ஒருசொற்படுத்தல். "எபிரேயம் அமைதியையும் வாழ்த்தையும் ஒருசொற்படுத்துகிறது, தமிழ் ஒருசொற்படுத்துவதில்லை." வினை கிடைத்துவிட்டது. உறவு பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

யோசுவா

ஆஸா ஷாலோம், செய்தான். அமார் ஷாலோம், சொன்னான். உங்கள் சோதனை நிற்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் இடிக்கும். 1995 நவம்பர் 4, டெல் அவீவில் அமைதிப் பேரணி முடிந்து கிளம்பும்போது இஸ்ரேல் பிரதமர் ராபின் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் கிளின்டன் தம் இரங்கலை இரண்டு எபிரேயச் சொல்லில் முடித்தார்: ஷாலோம், ஹவேர். ஹவேர் என்றால் நண்பன். இஸ்ரேலில் அதை ஒட்டுத்தாளாக அச்சடித்துக் கார்களின் பின்னால் ஒட்டினார்கள். அங்கே சார்பு எதைத் தேர்ந்தெடுக்கிறது? போய்வா நண்பா என்பதா, அமைதி என்பதா? இரண்டும் ஒன்றாக நிற்பதால்தான் அது ஒட்டுத்தாள் ஆயிற்று.

அருள்மொழி

அது சிலேடை, ஐயா. சிலேடைக்கு விதி வேறு.

கார்த்திக்

மொழி பேசுகிறவர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இரண்டும் கேட்டால் அது சிலேடை எப்படி? பொருள் ஒன்று என்று நான் சொன்னது அங்கே சரியாக வருகிறதே.

மீனாட்சி

அதை நீங்கள் இருவரும் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், நான் படிக்கிறேன்.

ஒருசொற்படுத்தலை எடுத்துக்கொண்டு இயல் முழுக்க மாற்றிப் பார்த்தேன். வினை நன்றாக ஓடுகிறது. பெயர்ச்சொல்லாகச் சுருக்கி "ஒருசொற்பாடு" என்று அட்டவணைத் தலைப்பில் வைத்தேன், அங்கேதான் சிக்கல். சொற்பாடு என்றால் பேச்சு என்று அகராதியில் இருக்கிறது. "ஒரு சொற்பாடு" என்று பிரித்துப் படிக்கிறார்கள். மெய்ப்பு பார்ப்பவர் ஏற்கெனவே இடைவெளி விட்டுத் திருத்திவிட்டார். ஆகவே தலைப்பிலும் ஒருசொற்படல் என்று வைக்கிறேன். எடுத்துக்காட்டை "மூன்று பொருள்" என்பதிலிருந்து "இரண்டு, அதில் ஒன்றுக்கு இரண்டு வேளை" என்று மாற்றி எழுதுகிறேன். இன்றைய பேச்சில் விடைக்கு வேறு சொற்களே மிகுதி என்று செல்வராணி அக்கா சொன்னதையும் சேர்க்கிறேன்.

ராஜகோபால்

ஒருசொற்படுத்தல் வாய்க்குக் கடினம். "ஒருசொல்லாதல்" போதாதா?

மீனாட்சி

"தமிழ் ஒருசொல்லாகிறது" என்று வரும் ஐயா, மொழியே சொல்லாகிவிடும்.

யோசுவா

கடைசியாக ஒரு சின்ன விஷயம். தமிழ் வேதாகமம் இதே வேரில் வரும் பெயர்களைச் சாலொமோன், அப்சலோம் என்று சகரத்தில்தான் எழுதுகிறது. நீங்கள் ஷாலோம் என்று எழுதினால் பக்கத்திலேயே அப்சலோம் வரும்போது வாசகருக்கு உறவு தெரியாமல் போகும். சாலோம் என்று எழுதலாமா?

செல்வராணி

ஐயா, சாலோம் என்று சொன்னால் பாட்டி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.