ஹால் டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுத்தால் ‘மலர்’ ‘மலா’ ஆகிவிடுகிறது: எந்த எழுத்துரு போடலாம்?

தேர்வுப்பிரிவு_எழுத்தர்
கல்லூரி செமஸ்டர் ஹால் டிக்கெட். ஏ4 தாளில் மேலும் கீழுமாக இரண்டு. பெயர் தமிழில் 9 பாயிண்ட், அதன் கீழே ஆங்கிலத்தில். பெயருக்குப் பின்னால் கல்லூரிச் சின்னம் வெளிர்நீலத்தில் இருக்கிறது. லேசர் பிரிண்டில் வரும் முதல் தாள் நன்றாகவே இருக்கிறது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த தாளில் ‘செ. மலர்’ என்பது ‘செ. மலா’ என்று தெரிகிறது. அதே அறையில் ‘சே. மாலா’ என்று இன்னொரு மாணவி. கண்காணிப்பாளர் இரண்டு பேரையும் குழப்பிக்கொள்கிறார். எந்த எழுத்துரு போட்டால் இது தீரும்?

முத்து_டிடிபி
பெயரை போல்டாக்கி 14 பாயிண்ட் வையுங்க சார். எந்த ஃபாண்டா இருந்தாலும் தாங்கும்.

அச்சுக்கோப்பு
அளவைக் கூட்டச் சொன்னது சரி. போல்டு மட்டும் வேண்டாம். லேசான நகலில் புள்ளி போகும். அடர்த்தியான நகலில் சுழி அடைபடும். போல்டு முதல் சிக்கலைக் குறைத்து இரண்டாவதைக் கூட்டிவிடும். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வித்தியாசமே ஒரு சின்னச் சுழிதான். அது மையால் நிரம்பிவிட்டால் ‘செ.’ எது, ‘சே.’ எது என்று சொல்ல முடியாது. ‘தினா’, ‘தீனா’ இரண்டுக்கும் இதே கதி. எழுத்துருவில் மீடியம் அல்லது செமிபோல்டு இருந்தால் அதை 12 பாயிண்டில் வையுங்கள்.

இனி ‘மலர்’ ஏன் ‘மலா’ ஆகிறது என்பதற்கு வருகிறேன். பல தமிழ் எழுத்துருக்களில் தனி ‘ர’வுக்கு அடியில் சாய்ந்த வால் இருக்கும். புள்ளி வைத்தாலோ மேல்விலங்கு போட்டாலோ அந்த வால் போய்விடும், அச்சில் பழைய வழக்கம் அது. அப்போது ‘ர்’ என்பது துணைக்காலும் தலையில் ஒரு புள்ளியும் மட்டும்தான். புள்ளி அழிந்ததும் மிஞ்சுவது வெறும் கால். ‘சேகர்’ ‘சேகா’ ஆவதும் ‘சங்கர்’ ‘சங்கா’ ஆவதும் இப்படித்தான். வால் இருந்தால் புள்ளி போனாலும் ‘மலர’ என்றுதான் தெரியும். அதுவும் பிழைதான், ஆனால் மாலாவோடு குழம்பாது.

ஆகவே எழுத்துருவின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் இந்த வரியை 72 பாயிண்டில் தட்டிப் பாருங்கள்:

ர ர் ரி ரீ கா செ சே தி தீ ண ன

‘ர்’ வாலோடு இருக்க வேண்டும், சுழிகள் அகலமாகத் திறந்திருக்க வேண்டும், புள்ளி எழுத்தின் தலையை ஒட்டாமல் தள்ளி நிற்க வேண்டும். இந்த மூன்றும் உள்ளதை எடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் இலவசமாகக் கிடைக்கும், பல தடிமன்களிலும் இருக்கின்றன. அவற்றில் தொடங்கலாம்.

பழைய_பாமினி
இது பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது வரும் கோளாறு. பாமினியில் ‘ர்’ போடக் கால் அடித்துப் புள்ளி வைப்பார்கள். மாற்றியைச் சரிபாருங்கள்.

அச்சுக்கோப்பு
அந்தக் கோளாறு உண்மையில் உண்டு ஐயா. ஆனால் அது வந்தால் முதல் அச்சிலேயே தெரியும், இவருக்கு முதல் தாள் சரியாக இருக்கிறது. இருந்தாலும் பழைய பட்டியலிலிருந்து வந்த பெயர்களில் தேடல் பெட்டியில் ‘மலர்’ என்று தட்டி, கிடைக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தேர்வுப்பிரிவு_எழுத்தர்
தேடினேன், கிடைக்கிறது. தரவு சரி. எழுத்துருவை மாற்றினாலே போதுமா?

நகல்_இயந்திரம்
போதாது. உங்கள் வெளிர்நீலச் சின்னத்தை முதலில் எடுங்கள். லேசர் பிரிண்டர் வெளிர் நிறத்தை நுண்புள்ளிகளாகத்தான் போடும். ஜெராக்ஸில் அது பெயரைச் சுற்றி அழுக்காக வரும், சில நுண்புள்ளி மெய்யெழுத்துப் புள்ளி போலவே உட்காரும். அழுக்கைப் போக்கக் கடைக்காரர் நகலை லேசாக்குவார். அப்போது அழுக்கோடு சேர்ந்து முதலில் போவது உங்கள் புள்ளிதான். பெயர் இருக்கும் கட்டத்துக்குள் வெள்ளையைத் தவிர எதுவும் வேண்டாம். எழுத்தும் சாம்பல் நிறமில்லாமல் முழுக் கறுப்பாக இருக்கட்டும், பிரிண்டரில் டோனர் சேமிப்பை அணைத்துவிடுங்கள்.

அளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 பாயிண்ட் என்பது சுமார் 3.2 மி.மீ. புள்ளியின் விட்டம் அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் 0.3 மி.மீ. 200 டிபிஐ ஸ்கேனில் அது இரண்டரைப் பிக்சல்தான். 12 பாயிண்டில் மூன்றைத் தாண்டும். அந்த ஒரு பிக்சல்தான் காப்பாற்றும்.

கடைக்குப் போகும் முன் பாப்ளர், இமேஜ்மேஜிக் கருவிகளைக் கொண்டு கணினியிலேயே பார்க்கலாம்:

```
pdftoppm -r 200 -gray -png -singlefile hall.pdf a
magick a.png -threshold 40% light.png
magick a.png -threshold 75% dark.png
```

`light.png`-இல் புள்ளிகள் நிற்கின்றனவா என்று பாருங்கள், `dark.png`-இல் சுழிகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டிலும் தேறும் எழுத்துருவை மட்டும் உண்மையான ஜெராக்ஸுக்குக் கொண்டுபோங்கள்.

ஐடி_கார்டு_கடை
என் கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். பிவிசி அடையாள அட்டையில் பெயர் அச்சாகும்போதே மங்கலாக வருகிறது. மூன்று எழுத்துரு மாற்றியாச்சு. 300 டிபிஐ கார்டு பிரிண்டர்.

நகல்_இயந்திரம்
டிசைனை முழுதாக ஜேபெக் ஆக்கி அனுப்புகிறீர்களா? அப்படியானால் எழுத்துருவின் மேல் பழியில்லை. ஒய்எம்சிகேஓ ரிப்பனில் ‘கே’ என்ற கறுப்புப் பட்டை தனியாக இருக்கிறது. எழுத்தை எழுத்தாகவே, தூய கறுப்பில் (`#000000`) அனுப்பினால் பிரிண்டர் அந்தப் பட்டையால் போடும், விளிம்பு கூர்மையாக வரும். படமாகப் போனால் மஞ்சள், மெஜந்தா, சயான் மூன்றையும் கலந்து போடும், விளிம்பு கசியும். பிரிண்டர் அமைப்பில் எழுத்துக்குக் கறுப்புப் பட்டை தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐடி_கார்டு_கடை
ஆமாங்க, ஜேபெக்தான். மாற்றிப் பார்க்கிறேன்.

கணக்கு_டீச்சர்
ஆங்கிலப் பெயர்தான் கீழே இருக்கிறதே. தமிழுக்கு ஏன் இவ்வளவு பாடு?

அச்சுக்கோப்பு
ஆங்கிலத்தில் ‘Mani’ என்றால் ணகரமா னகரமா தெரியாது, ‘Vani’ வாணியா வனியா தெரியாது. தமிழில் விழும் புள்ளியை ஆங்கிலம் ஈடுகட்டும், ஆங்கிலத்தில் இல்லாத நெடிலைத் தமிழ் ஈடுகட்டும். இரண்டும் வேண்டும் டீச்சர். ஆங்கில வரியைப் பெரிய எழுத்திலேயே போடுங்கள். ஏரியல் எழுத்துருவில் பெரிய ஐயும் சிறிய எல்லும் ஒரே கோடுதான். பதிவெண்ணுக்குத் தனி எழுத்துரு வையுங்கள், நோட்டோ சான்ஸ் மோனோ சரியாக இருக்கும். அதில் பூஜ்யத்துக்குள் சாய்கோடு உண்டு, ஆங்கில ‘O’ எழுத்தோடு குழம்பாது.

தேர்வுப்பிரிவு_எழுத்தர்
சின்னத்தை எடுத்துவிட்டு, வால் உள்ள எழுத்துருவை 12 பாயிண்ட் மீடியத்தில் வைத்து மூன்றாம் நகல்வரை எடுத்தேன். பட்டியலைப் பார்க்காத ஒருவரிடம் 40 பெயர் வாசிக்கக் கொடுத்தேன். ‘மலர்’, ‘சேகர்’ எல்லாம் தப்பிவிட்டன. இரண்டு குறை: ‘தீனா’வை ‘தினா’ என்றார், ‘கண்ணன்’ என்பதில் நடுப்புள்ளி காணவில்லை, ஆனாலும் சரியாகவே வாசித்தார். எழுத்துருவைத் திறந்து புள்ளியை மட்டும் பெரிதாக்கலாமா?

அச்சுக்கோப்பு
ஓஎஃப்எல் என்ற திறந்த உரிமத்தில் வந்த எழுத்துரு என்றால் மாற்றலாம். அதை உருவாக்கியவர் பெயரை ஒதுக்கிவைத்திருந்தால் உங்கள் பதிப்புக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். புள்ளியை ஒன்றரை மடங்குக்கு மேல் பெருக்கினால் தலைக்கோட்டில் ஒட்டிக்கொள்ளும், அதனால் மேலே சற்று நகர்த்தவும் வேண்டும், வரி இடைவெளியும் கூடும்.

நகல்_இயந்திரம்
நான் கை வைக்க மாட்டேன். அடுத்த முறை எழுத்துரு புதுப்பிக்கும்போது எந்தக் கணினியில் எது இருக்கிறது என்று குழப்பம் வரும். 13 பாயிண்ட் ஆக்கிப் பாருங்கள், இடம் இருக்கிறதா?

தேர்வுப்பிரிவு_எழுத்தர்
நீளமான பெயர் இரண்டு வரியாக உடைகிறது. புகைப்படக் கட்டத்தை 5 மி.மீ. குறைத்தால் வரலாம். அளந்துவிட்டுச் சொல்கிறேன்.