கறுப்பு முடியில நிறம் ஏறுதில்லை, நெத்தியில ஏறுது

பாலைப்பழம்
சாமத்தியவீட்டுச் செல்ஃபி ஒண்டு. முடிக்குக் கபில நிறம் வேணும். படம் திருத்துற Snapseed செயலியில Tools, Curves, சிவப்புக் கோட்டை மேல இழுத்தாச்சு. முடி கறுப்பாத்தான் கிடக்கு, நெத்தியும் கன்னமும் காய்ச்சல்காரர் மாதிரிச் சிவந்து போச்சு. அந்த முகம் கண்ணுக்குள்ளயே நிக்குது. எங்க பிழை?

முறிகண்டிக் கச்சான்
Curves எதுக்கு? Tools-க்குள்ள Brush, அதில Saturation, 10 வரைக்கும் ஏத்தி முடிமேல தேயுங்கோ. ரெண்டு நிமிச வேலை.

குளக்கட்டு
கச்சான் சொல்லுறது வெயிலில வெளுத்துச் செம்பட்டையான முடிக்குச் சரிவரும். Saturation இருக்கிற நிறத்தைத்தான் கூட்டும். எங்கட கறுப்பு முடியில கூட்டுறதுக்கு நிறமே இல்லை. அதில 10 போட்டுத் தேய்ச்சாலும் கறுப்புத்தான்.

பாலைப்பழத்துக்கு ரெண்டு பிழை. ஒண்டு, கோட்டை நடுவில பிடிச்சு இழுத்தது. நடுப்பகுதி தோலின்ர வெளிச்சம். முடி இருக்கிறது கோட்டின்ர கீழ்க் கால்பங்கில. ரெண்டாவது, நிறத்தை முடிக்கு மட்டும் ஒதுக்காமல் விட்டது.

திரும்பத் தொடங்குங்கோ. Curves-க்குள்ள முதல் RGB-யில கீழ்க் கால்பங்கில ஒரு புள்ளி வைச்சு, கொஞ்சமா, நகத்தளவுக்கு உயர்த்துங்கோ. கறுப்பு சாம்பலாகி முடியிழை தெரியும். அப்பதான் நிறத்துக்கு இடம் வரும். பிறகு Red-க்கு மாறி அதே இடத்தில இன்னுமொரு நகத்தளவு. Blue-வைச் சாடையாக் கீழ இறக்கினால் கபிலம். இறக்காமல் கொஞ்சம் ஏத்தினால் வைன் கலர். இடது பக்க அடிமுனையை மட்டும் தூக்க வேண்டாம். ஆழக் கறுப்பும் சிவந்து, முடி பிளாஸ்டிக் தொப்பி மாதிரித் தட்டையாகும். முகம் இப்பவும் கெட்டுத்தான் இருக்கும், பயப்பிடாதேங்கோ, சரிக்குறியை அமத்துங்கோ.

இனித்தான் முக்கியமான வேலை. மேல இருக்கிற அடுக்கு அடையாளத்தைத் தொட்டு View edits. அதில Curves-ஐத் தொட்டால் சின்னப் பட்டியல் வரும், தூரிகையை எடுங்கோ. படம் பழையபடி ஆகும். இனி விரல் பட்ட இடத்தில மட்டும்தான் நிறம். கீழ அளவு 100-இல இருக்க, உச்சியில இருந்து நுனிக்கு, முடி விழுந்த திசையிலயே தேயுங்கோ. தூரிகையைச் சின்னதாக்கப் பொத்தான் இல்லை. ரெண்டு விரலால படத்தைப் பெருப்பிச்சால் கோடு மெல்லிசாகும். தப்பின இடத்துக்கு அளவை 0 ஆக்கித் தேய்ச்சால் அழியும். கண் அடையாளத்தை அமத்தினால் தேய்ச்ச இடம் சிவப்பாத் தெரியும். காதுக்குப் பின்னால விட்ட ஓட்டைகளை அதிலதான் பிடிக்கலாம்.

நிறம் பிடிக்காட்டித் திரும்பத் தேய்க்க வேண்டாம். அதே View edits-இல Curves-ஐத் திறந்து கோட்டை மட்டும் மாத்தலாம்.

(புதுப்பதிப்புகளில பொத்தான்கள் இடம் மாறியிருக்கலாம், பெயரைப் பாத்துத் தேடுங்கோ.)

வீரைமரம்
நரைக்கு மருதாணி நல்லதோ பெட்டி டையோ? டை எண்டால் எத்தினை நாள் நிக்கும்?

முறிகண்டிக் கச்சான்
வீரைமரம், இது படத்தில அடிக்கிற நிறம் அக்கா, தலையில இல்லை 😄
குளக்கட்டு, செம்பட்டைக்குச் சரிவரும் எண்டு நீங்களே ஒப்புக்கொண்டாச்சு.

முல்லைக்கடல்
குளக்கட்டு 100-இல தொடங்கச் சொல்லுறது எனக்கு ஒப்பில்லை. நெத்தி ஓரத்தில 100 போட்டால் பொய்முடி வைச்ச மாதிரிக் கோடு தெரியும். ஓரத்துக்கு 25, உள்ளுக்கு 75. குஞ்சுமயிர் இருக்கிற இடத்தைத் தொடாமலே விடுறது இன்னும் நல்லம். உண்மையில சாயம் பூசின தலையிலும் முடி வளர வளர வேரடி கறுப்பாத்தான் கிடக்கும்.

இன்னொண்டு. மண்டபத்துக்குள்ள இரவில எடுத்த செல்ஃபியில கறுப்பை உயர்த்தினால் முடி வராது, புள்ளிப்புள்ளியாச் சிவப்பு மணல்தான் வரும். அதுக்கு மருந்தில்லை. காலமை வேலியோரம், வெயில் நேர படாத நிழலில எடுத்த படம் வேணும். பின்னால வெளிர்ச் சுவர் இருந்தால் நல்லம். வானம் இருந்தால் பறக்கிற முடிக்கு இடையில வானமும் சிவக்கும்.

குளக்கட்டு
ஓரத்துக்கு 25 சரி. உள்ளுக்கு 75 எண்டால் திட்டுத்திட்டா வரும், நான் 100-ஐ விடமாட்டன்.

பாலைப்பழம்
நெத்தி தப்பீட்டுது. ஓரத்தில 25, உள்ளுக்கு 100. கபிலம் வெளிச்சம் பட்ட பக்கத்தில மட்டும் தெரியுது, நிழல் பக்கம் கறுப்பு, அதுதான் உண்மை மாதிரி இருக்கு. ஆனால் பின்னலில செருகின மல்லிகை இப்ப கனகாம்பர நிறம். 0 வைச்சு ஒவ்வொரு பூவா அழிச்சுக்கொண்டிருக்கு. பதினொண்டு முடிஞ்சுது, இன்னும் அரைச்சரம் கிடக்கு.