எரித்ரோபொயட்டின் தொடங்கியபின் இறங்கிய எச்பிஏ1சி: எதை நம்புவது?

டயாலிசிஸில் உள்ள சர்க்கரை நோயாளி. எரித்ரோபொயட்டின் ஊசி தொடங்கி இரண்டு மாதத்தில் எச்பிஏ1சி 8.1-லிருந்து 6.2 ஆகிவிட்டது. குளுக்கோமீட்டரிலோ வெறும் வயிற்றிலேயே 180, 200! ரத்தம் ஏற்றவில்லை.

சிவப்பணு சுமார் 120 நாள் சுற்றி, மண்ணீரலில் சிக்கும்வரை அதன் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே போகும். சிறுநீரகம் பழுதானால் அந்த ஆயுளே குறையும். போதாததற்கு ஊசி மஜ்ஜையை முடுக்கிப் புது அணுக்களை இறக்குகிறது. ரெட்டிகுலோசைட் 4 சதவீதம். இளசுகளில் சர்க்கரை ஏற நாள் போதாது. ஆகவே 6.2 பொய்யான குறைவு என்றே தோன்றுகிறது. இதைப் பார்த்து இன்சுலினைக் குறைத்தால் வம்புதான்.

கிளைகேட்டட் அல்புமின் பார்க்கலாமா? சீரம் அல்புமின் 2.9, சிறுநீரிலும் புரதம் போகிறது, அதுவும் ஏமாற்றுமோ? இத்தகையவர்களுக்கு எதை வைத்து இன்சுலின் அளவை முடிவுசெய்கிறீர்கள்?