நானே எழுதிய ஒப்படைக்கு 43 வீதம் ஏஐ என்று வந்திருக்கிறது. திருத்திதான் காரணமா?

கல்லடிப் பிள்ளை

வணக்கம். மட்டக்களப்பில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மறிக்கும் மண் திட்டை வெட்டுவது பற்றி ஆங்கிலத்தில் 1100 சொல்லில் ஒரு ஒப்படை எழுதினேன். மாமா வாவியில் தொழில் செய்கிறவர், அவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு மூன்று இரவு இருந்து எழுதியது. ஏஐயிடம் ஒரு வரி கேட்கவில்லை.

கொடுப்பதற்கு முதல் நாள் இரவு ஒரு இலக்கணத் திருத்தியில் போட்டேன். அது கோடு போட்ட இடமெல்லாம் அழுத்தி ஏற்றுக்கொண்டேன். இப்போது கம்பஸில் ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவியில் ஏஐ 43 வீதம் என்று வந்து, மிஸ் திங்கட்கிழமை விளக்கம் கேட்டிருக்கிறார். நிறம் பூசி வந்த வசனங்களில் நிறைய, திருத்தி கைவைக்காத என் சொந்த வசனங்கள். அதுதான் விளங்கவில்லை.

காத்தான்குடி ரிஸ்

எனக்கும் போன வருடம் 28 வந்தது தங்கச்சி. உசாத்துணைப் பட்டியலையும் மேற்கோள்களையும் விலக்கிப் பார்க்கச் சொன்னேன், 9க்கு இறங்கிவிட்டது. நீங்களும் அதையே கேளுங்கள்.

கல்லடிப் பிள்ளை

நானா, அது மற்றவர்களிடம் எடுத்ததைக் காட்டும் வீதம். அது எனக்கு 6தான். இது வேறு.

செங்கலடி கணினி

திருத்திகள் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் ஒன்றை எழுத்துக்குள் விட்டுவிடும். நோட்பேடில் ஒட்டி மறுபடி எடுத்தால் போய்விடும். அதோடு கொஞ்சம் பெரிய சொற்களாகப் போடுங்கள், வீதம் குறையும்.

வாவிக்கரை

தம்பி, நோட்பேடால் ஒன்றும் ஆகாது. கருவி பார்ப்பது சொற்களின் வரிசையை. வசனத்தில் இதுவரை வந்ததை வைத்து அடுத்த சொல்லை, நிறைய எழுத்தைப் பார்த்துப் பழகிய கணினி நிரலான மொழி மாதிரி எவ்வளவு சுலபமாக ஊகிக்கும் என்பதுதான் அடிப்படை. எல்லாச் சொல்லும் ஊகித்தபடியே வந்தால் இயந்திரம் எழுதியது என்ற பக்கம் சாயும். நடுவில் எதிர்பாராத சொல், கோணலான அமைப்பு, திடீரென்று மூன்று சொல்லில் முடியும் வசனம் எல்லாம் வந்தால் மனிதன் பக்கம் சாயும்.

இப்போது திருத்தியை எடுங்கள். எழுத்துப்பிழை, காற்புள்ளி பார்ப்பது ஒரு வேலை. 'இந்த வசனத்தைத் தெளிவாக்கு' என்று முழுதாக மாற்றித் தருவது வேறு வேலை. இரண்டாவதைச் செய்வது பெரும்பாலும் ஒரு மொழி மாதிரி. தனக்கு மிகவும் சாத்தியமாகத் தெரிகிற சொற்களைத்தான் அது தரும். அதே ரசனையால் அளக்கிற ஒன்றிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பிறகு எப்படிக் குறையும்?

பிள்ளை, உங்கள் வசனம் ஒன்றையும் அது மாற்றித் தந்ததையும் தமிழில் சொல்லுங்கள், பார்ப்போம்.

கல்லடிப் பிள்ளை

நான் எழுதியது ஏறக்குறைய இப்படி: 'வயலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் விவசாயி வெட்டு என்பான், மாமா பொறு என்பார், மண் திட்டு யார் பேச்சையும் கேட்காது.' அது தந்தது: 'முகத்துவாரத்தைத் திறக்கும் நேரம் குறித்து விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடுகள் நிலவுகின்றன.'

வாவிக்கரை

மண் திட்டு யார் பேச்சையும் கேட்காது! அதைப் போய் அழித்தீர்களே. அந்த ஒரு வசனம் உங்களைக் காப்பாற்றியிருக்கும். இரண்டாவது வசனத்தை ஆற்றைப் பற்றியும் எழுதலாம், காணிப் பிரச்சினையைப் பற்றியும் எழுதலாம்.

இனி உங்கள் கேள்வி. எனக்குத் தெரிந்தது டர்னிட்டின். அது வசனத்தைத் தனியாக எடுத்து அளப்பதில்லை. எழுத்தைச் சில நூறு சொல் கொண்ட துண்டுகளாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வெட்டும். ஒரே வசனம் பல துண்டுகளுக்குள் வரும், அவற்றின் மதிப்பைச் சேர்த்துத்தான் அந்த வசனத்துக்கு ஒரு மதிப்பு. அதனால் ஒரு பந்தியில் நாலு வசனத்தைத் திருத்தி எழுதியிருந்தால், நடுவில் நிற்கும் உங்கள் சொந்த வசனமும் அந்தக் கூட்டத்தோடு இழுபடும். உங்கள் கம்பஸ் எந்தக் கருவி வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பது பல கருவிகளின் வழக்கம்.

செங்கலடித் தம்பி சொன்னதில் பாதி சரி. 2023இல் ஸ்டான்போர்டில் ஒரு ஆய்வு செய்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளுக்குக் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ என்று தவறாக வந்தது. சொல்வளத்தைக் கூட்டியதும் அது நன்றாகக் குறைந்தது. திருத்தி செய்வது அதற்கு நேர்மாறு. வழக்கத்துக்கு மாறான சொல்லைத் தள்ளிவிட்டு எல்லோரும் போடும் சொல்லை வைக்கிறது. ஆக, நம்மவர்கள் எழுதுவது ஏற்கெனவே மேட்டில் நிற்கிறது, திருத்தி இன்னும் ஒரு படி ஏற்றுகிறது.

கூகுள் டொக்ஸில்தானே எழுதினீர்கள்? `File` > `Version history` > `See version history` போய் மூன்று பிரதி எடுங்கள். முதலாவது திருத்திக்கு முந்தியது. இரண்டாவதில் எழுத்துப்பிழையும் குறியீடும் மட்டும் திருத்துங்கள். மூன்றாவது கொடுத்தது. மூன்றையும் ஒரே கருவியில், முழுதாகப் போடுங்கள். பந்தி பந்தியாகப் போட வேண்டாம், எழுத்து குறையக் குறைய எண் தள்ளாடும்.

அக்கரைப்பற்று தோழன்

ஏன் இவ்வளவு பாடு? மனித நடையாக்கும் கருவி இருக்கிறது, அதில் போட்டு மறுபடி கொடுங்கள்.

வாவிக்கரை

வேண்டாம். உண்மையாக எழுதிய பிள்ளையை உண்மையாகவே மாட்ட வைக்கும் யோசனை அது. டர்னிட்டின் 2024இல் இருந்து, ஏஐ எழுதியதை இன்னொரு கருவியால் மாற்றி எழுதினாலும் தனியாகக் காட்டுகிறது.

கல்லடிப் பிள்ளை

செய்து பார்த்தேன். மொத்தம் 62 இடத்தில் ஏற்றிருக்கிறேன். 41 சின்னத் திருத்தம், அதில் பாதிக்கு மேல் ஆங்கில 'the'யும் 'a'யும் விட்டுப்போன இடங்கள். தமிழில் அப்படி ஒன்று இல்லைதானே, கை தானாக விட்டுவிடுகிறது. மற்ற 21 முழு வசன மாற்றம்.

ஒரு இலவசக் கருவியில் முதல் பிரதி 14, இரண்டாவது 17, கொடுத்தது 58. மாற்றிய 21இல் 15 மூன்றாம், நாலாம், ஐந்தாம் பந்திகளில். நிறம் பூசியதும் அங்கேதான் அதிகம். ஆனால் முதல் பந்தியில் திருத்தி ஒன்றுமே செய்யவில்லை, மூன்று பிரதியிலும் அது சிவப்பு. அதற்கு என்ன காரணம்?

வாவிக்கரை

முதல் பந்தியில் என்ன எழுதினீர்கள்?

கல்லடிப் பிள்ளை

களப்பு என்றால் என்ன, எங்கே இருக்கிறது, ஏன் முக்கியம்.

வாவிக்கரை

வரைவிலக்கணம் எல்லோரும் ஒரே மாதிரித்தான் எழுதுவார்கள், அதனால் சுலபமாக ஊகிக்கப்படும். அதுவாக இருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது, கருவி தன் கணக்கைத் திறந்து காட்டுவதில்லை.

58ஐ மிஸ்ஸிடம் ஆதாரமாக வைக்காதீர்கள். அவருடைய கருவி வேறு, எண்ணும் வேறு. 14க்கும் 17க்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை, 58 ஒரேயடியாக ஏறியது என்பதை மட்டும் சொல்லுங்கள். பலமான சாட்சி அந்த மூன்று இரவின் பதிவு. எத்தனை மணிக்கு எந்தப் பந்தி வளர்ந்தது, எங்கே அழித்தீர்கள் எல்லாம் அதில் இருக்கிறது. திருத்தியில் வசனம் மாற்றியதை மறைக்க வேண்டாம், நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். சில பாடங்களில் அதையே அனுமதி இல்லாத உதவியாக எடுப்பார்கள், அது வேறு விவாதம்.

காத்தான்குடி ரிஸ்

அப்போ எழுத்துப்பிழை மட்டும் திருத்தினால் பயமில்லையா? எனக்கும் அடுத்த கிழமை ஒன்று கொடுக்க இருக்கிறது.

வாவிக்கரை

இந்தப் பிள்ளைக்கு 14இல் இருந்து 17. உங்களுக்கு எப்படி என்று கொடுத்துத்தான் தெரியும் தம்பி. வசனத்தை மாற்றும் வசதியை அமைப்பில் நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

கல்லடிப் பிள்ளை (செவ்வாய்)

போய் வந்தேன். மிஸ் பதிவை நாற்பது நிமிடம் பார்த்தார். மூன்றாம் பந்தியின் பழைய வசனத்தை வாசித்துச் சிரித்தார். தான் தனியாக முடிவெடுக்க முடியாது, துறைத் தலைவருக்கு எழுதுகிறேன் என்றார். பழைய பிரதியையும் சேர்த்து அனுப்பச் சொன்னார், அனுப்பிவிட்டேன். முதல் பந்தியைப் பற்றி அவரும் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை.