பிஎஸ்5-இல் ப்ளூடூத் ஹெட்போன்: சுட்ட பிறகுதான் சத்தம் வருகிறது

மொட்டைமாடி_கேமர்: பிஎஸ்5 நேரடியாக ப்ளூடூத் ஹெட்போனை ஏற்காது என்று தெரிந்ததும், யுஎஸ்பி-யில் செருகும் ப்ளூடூத் ட்ரான்ஸ்மிட்டர் ஒன்று வாங்கினேன். சத்தம் அருமை, ஆனால் சுட்டால் திரையில் நெருப்பு தெரிந்து கொஞ்சம் கழித்துத்தான் 'டப்' கேட்கிறது. இதே ஹெட்போனில் போனில் யூடியூப் பார்த்தால் உதடும் குரலும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. எது பழுது?

சுண்டல்பொட்டலம்: ட்ரான்ஸ்மிட்டர் ப்ளூடூத் 5.3-ஆ பாருங்க ப்ரோ, பழசுன்னா தாமதம் வரும். ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி இருந்தா 40 மில்லிசெகண்டுதான்.

மொட்டைமாடி_கேமர்: பெட்டியில் இரண்டும் போட்டிருக்கிறதே!

பழைய_சால்டரிங்: எதுவும் பழுதில்லை தம்பி. 5.3 என்ற எண்ணுக்கும் இந்தத் தாமதத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. லோ லேட்டன்சி கோடெக், அதாவது தாமதம் குறைவாக ஒலியைச் சுருக்கும் முறை, ட்ரான்ஸ்மிட்டரில் மட்டும் இருந்தால் போதாது, ஹெட்போனிலும் அதுவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் எஸ்பிசி என்ற பொதுவான கோடெக்குக்கு இறங்கிவிடும், அதில் 200 மில்லிசெகண்டு சாதாரணம். ஒலியைச் சுருக்கி அனுப்பி, சிக்னல் அறுந்தாலும் பாட்டு நிற்காமலிருக்க ஹெட்போன் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஒலிக்கும். யூடியூபில் அடுத்த காட்சி முன்பே தெரியும் என்பதால் போன் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திவிடுகிறது. கேமில் நீங்கள் எப்போது சுடுவீர்கள் என்று யாருக்குத் தெரியும்? டிவி திரையையும் ஹெட்போன் கப்பையும் சேர்த்து 60 எஃப்பிஎஸ்-இல் வீடியோ எடுத்து, நெருப்புக்கும் சத்தத்துக்கும் இடையே எத்தனை ஃப்ரேம் என்று எண்ணிப் பாருங்கள்.

இரவுக்காவலன்: எனக்கும் இதே பிரச்சினை! கணினியில் டிஸ்கார்டில் பேச ஆரம்பித்ததும் கேம் சத்தம் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது.

பழைய_சால்டரிங்: அது வேறு. ஹெட்போன் மைக்கைத் திறந்தால் ப்ளூடூத் அழைப்பு முறைக்கு மாறி, தரம் விழுந்துவிடும். டிஸ்கார்டில் மைக்காக லேப்டாப்பில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், சத்தம் திரும்பிவிடும். தாமதம் அப்படியேதான் இருக்கும்.

மொட்டைமாடி_கேமர்: எண்ணினேன் அண்ணே. 13 ஃப்ரேம், அதாவது 217 மில்லிசெகண்டு! பழைய போனின் ஒயர் இயர்போனை கன்ட்ரோலரின் அடியில் உள்ள 3.5 மிமீ ஓட்டையில் செருகினால் 2 ஃப்ரேம்கூட வரவில்லை. ஆனால் ஒயர் கையில் சிக்குகிறது. டாங்கிளோடு வரும் ஹெட்செட் வாங்கினால் மறுபடி இதே கதையா?

பழைய_சால்டரிங்: இல்லை. அந்த டாங்கிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் ப்ளூடூத் இல்லை. அந்த ஒரு ஹெட்செட்டோடு மட்டும் பேசுகிற தனி ரேடியோ, அதனால் குறைவாகச் சேர்த்து வைத்தே ஓட்டுகிறார்கள். டாங்கிளை முன்பக்கம் செருகுங்கள், டிவிக்குப் பின்னால் மறைந்தால் சத்தம் விட்டு விட்டு வரும்.

சுண்டல்பொட்டலம்: நான் சுவிட்சில் ப்ளூடூத்தில்தான் விளையாடுறேன், ஒண்ணும் தெரியலையே.

பழைய_சால்டரிங்: என்ன கேம்?

சுண்டல்பொட்டலம்: சதுரங்கம் 😅

மொட்டைமாடி_கேமர்: பிஎஸ்5 டாங்கிள் ஹெட்செட் நண்பனின் எக்ஸ்பாக்ஸிலும் ஓடுமா?

பழைய_சால்டரிங்: பெரும்பாலும் ஓடாது. பெட்டியில் எக்ஸ்பாக்ஸ் என்று தனியாகப் போட்டிருந்தால்தான். உங்கள் கணினியில் ஓடும்.