பட்டா என் பேரில், பத்திரமும் என் பேரில். ஆனால் வீடு கட்ட முடியாதாம்

வடசேரிப் பையன்: நாகர்கோவிலில் இருந்து எட்டு கிலோமீட்டரில் ரோட்டோரம் 14 சென்ட் வாங்கினேன். முன்பு வயல்; விற்றவர் நாலு அடி மண் போட்டு நிரத்தித்தான் கொடுத்தார். பட்டா, வில்லங்கம், பத்திரம் எல்லாம் சுத்தம். பிளான் போடப் போனால் இன்ஜினியர் ‘இது விவசாய நிலம், அப்ரூவல் வராது’ என்கிறார். எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாடி வீடே நிற்கிறது. என் இடத்தில் நான் வீடு கட்ட முடியாதா?

புரையிடம்: இன்ஜினியர்கள் பயமுறுத்தித்தான் காசு பார்ப்பார்கள். 2024-ல் அரசு சுயசான்றுத் திட்டம் கொண்டுவந்ததே, தெரியாதா? ஆன்லைனில் நாமே விண்ணப்பித்தால் உடனே அனுமதி, யாரும் வந்து பார்ப்பதுகூட இல்லை. என் மச்சினன் அப்படித்தான் கட்டினான். போய்க் கட்டுங்கள் மக்கா.

சங்கிலி அளவை: மச்சினன் மனை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் திட்டம் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்கு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 14 சென்ட் என்றால் 6,098 வருகிறது. ‘அப்படியானால் ஆறு சென்டாகப் பிரித்துப் போடுகிறேன்’ என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள். ஆறு சென்டே 2,613 சதுர அடி, எல்லையைத் தாண்டிவிடும். ஐந்தரை சென்டாகப் பிரித்தாலும், அப்படிப் பிரிப்பதற்கே மனைப்பிரிவு அனுமதி வேண்டும். யாரும் வந்து பார்க்காததால் நிலத்தின் வகை மாறிவிடாது. சுயசான்றில் உண்மை சொல்லும் பொறுப்பு விண்ணப்பிப்பவர் தலையில். தப்பு தெரிந்தால் அனுமதி ரத்தாகும், மாட்டுவது வடசேரித் தம்பிதான்.

தம்பி, உங்கள் பத்திரத்தின் சொத்து விவரத்தை எடுத்துப் படியுங்கள். அங்கே ‘வீட்டுமனை’ என்று இருக்கிறதா, ‘நஞ்சை’ என்று இருக்கிறதா?

வடசேரிப் பையன்: ‘நஞ்சை நிலம்’ என்றுதான் இருக்கிறது அண்ணே. அதில் என்ன?

சங்கிலி அளவை: அதில்தான் எல்லாம் இருக்கிறது. 2016-ல் உயர்நீதிமன்ற உத்தரவு வந்த பிறகு அனுமதியில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்வது கடினமானது. அதனால் சில பேர் மனையாக விற்றும், பத்திரத்தில் நஞ்சை என்றே எழுதிப் பதிந்தார்கள். பதிவு அலுவலகம் அதை வயல் விற்பனையாகப் பார்த்தது. நீங்கள் காசு கொடுத்தது மனைக்கு, சட்டப்படி வாங்கியது வயலை.

பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றும் ‘இது யாருடையது, யாருக்குக் கடன்’ என்பதைத்தான் சொல்லும். அதில் என்ன செய்யலாம் என்று சொல்வது வேறு காகிதம்.

ஏலாக்கரை: எங்க ஊரில் ஒருவர் வயலில் தென்னை வைத்துப் பத்து வருடம் ஆகிவிட்டது, அதனால் அது புஞ்சை ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படி வைத்தால் வகை மாறும்தானே?

சங்கிலி அளவை: மாறாது. தென்னையோ வாழையோ ரப்பரோ வைத்தால் பயிர்தான் மாறும். வருவாய்க் கணக்கில் அந்தப் புல எண் நன்செய்யாகவேதான் இருக்கும். அதைப் பார்க்க ‘அ’ பதிவேடு நகல் எடுக்க வேண்டும். eservices.tn.gov.in இல் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் வந்துவிடும். நன்செய்யா புன்செய்யா, பாசனம் எதிலிருந்து, ஒருபோகமா இருபோகமா என்றெல்லாம் பத்தி பத்தியாக இருக்கும். பாசனம் என்ற இடத்தில் ஒரு குளத்தின் பேர் இருந்தால், உங்கள் மண்ணுக்கு அடியில் அந்தக் குளத்துத் தண்ணீருக்கு இன்னும் கணக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

அதோடு புல வரைபடமும் எடுங்கள். அந்தப் படத்தில் நீங்கள் பார்க்காத ஒன்று இருக்கலாம், பிறகு சொல்கிறேன்.

தோவாளை ரப்பர்: எனக்கு இதைவிடக் கொடுமை. மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் ரப்பர், நஞ்சையும் இல்லை, குளமும் இல்லை. நாலு காட்டேஜ் போடலாம் என்று போனால், அந்தக் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, அதற்கான குழுவின் இசைவு வேண்டும் என்கிறார்கள். மரம் வெட்டுவதற்குத் தனியார் காடுகள் சட்டம் வேறு. உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும் தம்பி.

சங்கிலி அளவை: அது வேறு கதை சார். அந்தக் கிராமப் பட்டியல் 1990-லிருந்து இருக்கிறது. தம்பியின் கிராமம் அந்தப் பட்டியலில் இருந்தால்தான் அது வரும். ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று சரி, ஒரே நிலத்தின் மேல் இரண்டு மூன்று வகைப்பாடு அடுக்கி நிற்கும். ஒன்று சம்மதித்தாலும் மற்றொன்று தடுக்கும்.

புரையிடம்: சரி, கேள்வியையே நான் மாற்றிக் கேட்கிறேன். நாலு வழிச்சாலைக்காக எத்தனை ஏலா வயலை, எத்தனை குளத்தை மண் போட்டு மூடினார்கள்? மாவட்டமே பார்த்தது. அதற்கு மட்டும் நஞ்சை, பாசனம் ஒன்றும் தடையில்லை. ஒரு குடும்பம் 14 சென்டில் வீடு கட்டினால் மட்டும் விவசாயம் அழிந்துவிடுமா? விவசாயம் அங்கே ஏற்கெனவே நின்றுபோச்சு. அறுப்புக்கு ஆள் இல்லை, கூலிக்குக் கட்டுப்படி இல்லை. வயலாகவே வைத்திரு என்று சொல்கிறவன் வந்து நடவு செய்வானா?

ஏலாக்கரை: இதில் புரையிடம் சொல்வதில் நியாயம் இருக்கு. ஆனால் நான் ஏலாவுக்குக் கீழே குடியிருக்கிறேன். 2021 நவம்பர் மழையில் எங்க வீட்டுத் திண்ணைவரை தண்ணீர் நின்றது. மேலே ஒவ்வொருத்தரும் ‘ஒரு வீடுதானே’ என்று நிரத்தினார்கள்.

சங்கிலி அளவை: கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6,098 சதுர அடியில் நாலு அடி மண் என்றால் 24,392 கன அடி. லிட்டரில் ஏறக்குறைய ஏழு லட்சம். பெருமழையில் அந்த வயலில் நாலு அடிவரை நின்றிருக்கக்கூடிய தண்ணீர் அது. மண் போட்டாகிவிட்டது, இனி ஏலாக்கரை அண்ணன் வீட்டுப் பக்கம்தான் போகும். நாலு வழிச்சாலை இதைவிடப் பெரிய பாவம் செய்தது, மறுக்கவில்லை. அதற்குச் சாலைக்காரர்களைக் கேட்க வேண்டும். தம்பிக்கு அனுமதி கிடைக்க அது காரணமாகாது.

புரையிடம்: கேட்டால் பதில் வருமா? அங்கே கேட்க முடியாததால்தான் இங்கே 14 சென்ட்காரன் மாட்டுகிறான்.

வடசேரிப் பையன்: இப்போது எனக்கு வழி என்ன? எதிர்வீடு எப்படி வந்தது?

சங்கிலி அளவை: எதிர்வீட்டில் மர்மம் ஒன்றுமில்லை. முழுமைத் திட்டம் போட்ட ஊரில், குடியிருப்பு எங்கே, வணிகம் எங்கே, விவசாயம் எங்கே என்று புல எண் வாரியாகப் பிரித்திருப்பார்கள். கோடு பல இடங்களில் ரோட்டின் நடுவே போகும். அந்தப் பக்கம் குடியிருப்புப் பகுதி, இந்தப் பக்கம் விவசாயப் பகுதி என்று இருக்கலாம். அல்லது அது ஊர்க் குடியிருப்புக்கென்று விட்ட நத்தமாக இருக்கலாம். இல்லையென்றால் அவரும் அனுமதியில்லாமல் கட்டியிருக்கலாம். வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் இருப்பதை வைத்து அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. வங்கியில் வீட்டுக்கடன் கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும்.

உங்களுக்கு: முதலில் கிராமம் திட்டப் பகுதிக்குள்ளா வெளியிலா என்று உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் புல எண்ணோடு கேளுங்கள். வெளியில் என்றால் நில உபயோக மாற்றத்துக்கு உள்ளாட்சியில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நகர் ஊரமைப்பு இயக்குநரின் இசைவு வேண்டும். நன்செய் என்பதால் ஆட்சியரின் பதிலும் வேளாண்மைத் துறையின் கருத்தும் சேர்ந்துவரும், வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும் பார்ப்பார்கள். உள்ளே என்றால் திட்டத்தையே அந்தப் புல எண்ணுக்கு மாற்ற வேண்டும். அதற்குச் செய்தித்தாளில் அறிவிப்பு, ஆட்சேபம், அரசு அளவில் முடிவு என்று நீளும். இரண்டிலும் கட்டடம் எழும்பும் முன்னால்தான் கேட்க வேண்டும். கட்டிவிட்டுக் கேட்டால் பூட்டி முத்திரை வைப்பதில் தொடங்கி இடிப்பு வரை போக முடியும்.

வடசேரிப் பையன்: அலுவலகம் போய் வந்தேன். கிராமம் திட்டத்துக்குள்தானாம். என் புல எண் ‘விவசாய உபயோகப் பகுதி’. எதிர்ப்பக்கம் குடியிருப்பு. நீங்கள் சொன்ன அதே கோடு. ‘அ’ பதிவேட்டில் நன்செய், இருபோகம், பாசனம் என்ற இடத்தில் ஊர்க்குளத்தின் பேர்.

புரையிடம்: அப்போ மாற்றத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். நடுரோட்டில் போகும் கோட்டுக்கு அப்படி என்ன புனிதம்? எதிரே வீடு இருக்கும்போது இந்தப் பக்கத்தைக் குடியிருப்பாக்கக் கேட்பதில் தப்பில்லை, கிடைத்தவர்களும் இருக்கிறார்கள்.

சங்கிலி அளவை: கேட்கலாம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. எதிரே குடியிருப்பு இருப்பதும், ரோடு இருப்பதும் விண்ணப்பத்துக்குப் பலம்தான். இருபோகமும் ஊர்க்குளமும் எதிரே நிற்கும். எந்தப் பக்கம் சாயும் என்று நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன். புல வரைபடம் பார்த்தீர்களா? நான் பிறகு சொல்கிறேன் என்றேனே.

வடசேரிப் பையன்: அதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். வடக்கு எல்லையில் ஒரு ஒல்லியான பட்டை, தனி உட்பிரிவு எண் போட்டு, ‘வாய்க்கால்’ என்று எழுதியிருக்கிறது. நேரில் பார்த்தால் அங்கே வாய்க்கால் இல்லை. என் மண்தான் இருக்கிறது.

சங்கிலி அளவை: அப்படியானால் விண்ணப்பத்துக்கு முன்னால் சர்வேயரைக் கூப்பிட்டுக் கல் நடச் சொல்லுங்கள். அந்தப் பட்டை வாய்க்கால் புறம்போக்கு. உங்கள் பத்திரத்தில் அது வந்திருந்தாலும் விற்றவருக்கு விற்க உரிமை கிடையாது. யாராலும் அதை வீடாக மாற்றித்தர முடியாது. தோண்டித் திறந்துதான் ஆக வேண்டும். திறந்து காட்டாத வரை நீர்வளத் துறையிடம் நல்ல பதில் எதிர்பார்க்காதீர்கள்.

ஏலாக்கரை: அந்த வாய்க்கால் எங்க பக்கம் வருவதாக இருந்தால் தோண்டும்போது சொல்லுங்க தம்பி, மண்வெட்டியோட வாரேன்.

வடசேரிப் பையன்: சர்வேயர் வியாழக்கிழமை வருகிறார். விற்றவரின் போன் மூன்று நாளாக எடுக்கவில்லை.